விடியற்காலையில் ஒரு சீட்டு

இரவுப் பணியில் இருக்கும் நர்ஸுகளுக்கு நாலே முக்கால் மணி ஒரு விசித்திரமான நேரம். இரண்டு மணிக்கு மேல் வந்த எமர்ஜென்சிகள் ஒருவழியாக அடங்கியிருக்கும். ஐந்தேகாலுக்கு மேல் ரத்த சாம்பிள் எடுப்பது, நோயாளிகளைத் துடைத்துவிடுவது, யூரின் பேக் அளவைக் குறிப்பது, ஆறு மணி மருந்து என்று வேலை மறுபடி மூச்சுமுட்டத் தொடங்கிவிடும். இடையில் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தில் சிலர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள், சிலர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அந்தப் பெண், உடைமாற்றும் அறைக்குப் போய் ஒரு சின்னத் தகர டப்பாவைத் திறப்பார். உள்ளே டேரோ சீட்டுக்கட்டு. கலைப்பார், பெஞ்சின்மேல் வைப்பார், இடது கையால் ஒரு கொத்தைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். ஒரே ஒரு சீட்டுதான். கேள்வியும் தினம் ஒன்றேதான்: "அவர் மனசுல என்ன இருக்கு?"

அவர் என்பது ரத்த வங்கி டெக்னீஷியன். நர்ஸுக்கும் அவருக்குமான பழக்கமெல்லாம் ஒரு கவுண்டரின் இரண்டு பக்கங்களில் நடந்தது. யாருக்காவது ரத்தம் ஏற்றவேண்டும் என்றால் வார்டிலிருந்து படிவத்தையும் குளிர்ப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு இவர் கீழே போவார். அவர் ஃபிரிட்ஜிலிருந்து பையை எடுத்து வந்து வைப்பார். இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் படிப்பார்கள்: நோயாளியின் பெயர், ஐபி நம்பர், ரத்த வகை, பை எண், காலாவதி தேதி. ஒருவர் படிக்க மற்றவர் "சரி" என்பார். வெளியே எடுத்த பையை அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கவேண்டும், நாலு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதால் நின்று பேச நேரம் இருக்காது. ஆனாலும் ஒரு ராத்திரி, "சாப்டீங்களா சிஸ்டர்?" என்று அவர் கேட்டிருக்கிறார். இன்னொரு ராத்திரி குளிர்ப்பெட்டியின் கைப்பிடி உடைந்திருந்தபோது பிளாஸ்டர் சுற்றிக் கொடுத்திருக்கிறார்.

"மத்த டெக்னீஷியனை எல்லாம் அண்ணான்னுதான் கூப்பிடுவேன் அக்கா. இவரைக் கூப்பிட மட்டும் வாய் வரலை" என்றார் என்னிடம். தன் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வராது என்ற உறுதியின்பேரில் அவர் தன் நோட்டைக் காட்டினார். நாற்பது பக்க நோட்டு. இடது ஓரத்தில் தேதி, நடுவில் சீட்டின் பெயர், வலப்பக்கம் அன்று நடந்ததும் அவர் எடுத்த அர்த்தமும். முப்பது விடியல்கள் அதில் இருந்தன. விடுப்பு நாட்களில்கூட ஹாஸ்டலில் எழுந்து எடுத்திருக்கிறார்.

நோட்டுக்குள் போகும் முன் அந்தச் சீட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் அவை எங்கிருந்து வந்தன என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. டேரோ என்பது பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பணக்காரர்கள் விளையாடிய சீட்டாட்டம். நம் ரம்மிக் கட்டு போலவே நான்கு வகைச் சீட்டுகள், கூடவே துருப்பாகப் பயன்படும் படச்சீட்டுகள் என்று மொத்தம் 78. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அதை வைத்துச் சீட்டாடுகிறார்கள். இது பண்டைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று முதலில் அச்சில் எழுதியவர் கூர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர், 1781-ல். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியன் கண்டுபிடித்தது 1822-ல். அதாவது எகிப்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாத காலத்தில் சொல்லப்பட்ட கதை அது. சொன்னவரைத் தவறென்று நிரூபிக்க ஆளே இல்லாததால் கதை நன்றாக வேரூன்றிவிட்டது.

நர்ஸின் கையில் இருக்கும் கட்டு அதைவிட இளையது. 1909-ல் லண்டனில் ரைடர் என்ற பதிப்பகம் வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவருடையது, படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண்ணுடையவை. அதற்கு முந்தைய கட்டுகளில் பெரும்பாலும் எண் சீட்டுகளில் கதை கிடையாது. கோப்பை எட்டு என்றால் எட்டுக் கோப்பைகள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்மித்தான் ஐம்பத்தாறு சின்னச் சீட்டுகளுக்கும் மனிதர்களையும் மலைகளையும் வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு காட்சியாக்கினார். இன்று உலகம் முழுக்கச் சீட்டைப் பார்த்ததும் "யாரோ போகிறார்கள்", "யாரோ காத்திருக்கிறார்கள்" என்று வாசிக்க முடிவது அவரால்தான். பெரிய வேலை, கூலி மிகக் குறைவு என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கட்டின் பெயரில் பல காலம் பதிப்பாளரும் வெய்ட்டும் மட்டுமே இருந்தார்கள். ஆனால் சீட்டின் ஓரத்தில் பாம்பு நெளிவது போன்ற ஒரு சின்னக் கிறுக்கல் இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அது ஸ்மித்தின் கையெழுத்து. நர்ஸிடம் அதைக் காட்டினேன். அவர் அதுவரை அச்சுக் கறை என்று நினைத்திருந்தார்.

சரி, நோட்டு. ஆறாம் நாள் 'எய்ட் ஆஃப் கப்ஸ்' வந்திருக்கிறது. படத்தில் முன்னால் கோப்பைகள் அடுக்கியிருக்கின்றன, சிவப்பு அங்கி போட்ட ஒரு ஆள் கோலை ஊன்றிக்கொண்டு முதுகைக் காட்டி மலைப்பக்கம் போகிறான், மேலே நிலா. அன்று ராத்திரி ரத்த வங்கியில் வேறொருவர் இருந்திருக்கிறார். வலப்பக்கக் குறிப்பு: "விலகிப் போறார். இனி எதிர்பார்க்கக் கூடாது." இருபத்திரண்டாம் நாள் அதே சீட்டு மறுபடி. அன்று அவர் இருந்திருக்கிறார், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை அதிகம் பேசியிருக்கிறார். குறிப்பு: "பழைய வாழ்க்கையை விட்டுட்டு வர்றார். எனக்காக இருக்கலாம்."

ஒரே ஆள், ஒரே முதுகு. ஒரு முறை இவரை விட்டுப் போகிறான், இன்னொரு முறை இவரை நோக்கி வருகிறான். படம் எதையும் சொல்லவில்லை, அன்றைய ராத்திரி சொன்னதைப் படம் ஏற்றுக்கொண்டது. இதை நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, இரண்டு பக்கங்களையும் விரலால் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி எந்த நிலைக்கும் பொருந்திவிடும் பேச்சு எவ்வளவு நம்பத்தகுந்ததாகத் தோன்றும் என்பதை பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் சோதித்துக் காட்டினார். வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தைப் பற்றிய அறிக்கை என்று ஒன்றைக் கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்றும், வாக்கியங்களைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்ததாகவும் சொன்னார். 1949-ல் வெளியான ஆய்வு இது. நம் கிளி ஜோசியக்காரர்களும் இதை அறிந்தவர்கள்தான். ஆனால் மரத்தடியில் உட்காரும்போது சீட்டை எடுப்பது ஒருவர், அர்த்தம் சொல்வது இன்னொருவர், கேட்பது நாம். கேட்பவருக்குப் பிடிக்காததையும் ஜோசியர் சில சமயம் சொல்லிவைப்பார். ஐந்து மணிக்கு உடைமாற்றும் அறையில் சீட்டு எடுப்பவரும் சொல்பவரும் கேட்பவரும் ஒருவரே. கீழ்த்தளத்தில் ஒரு பை ரத்தத்துக்கு இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபார்க்கும் கட்டடத்தில், இந்தச் சீட்டைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை.

ஆனால் நர்ஸ் தன் கட்சியை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. "அர்த்தம் நான் வச்சதுன்னே இருக்கட்டும். 'டூ ஆஃப் கப்ஸ்' அஞ்சு தடவை வந்திருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. 'டூ ஆஃப் கப்ஸ்' காதல் கேள்விக்கு எல்லோரும் ஏங்கும் சீட்டு. ஒரு ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பைகளை நீட்டுகிறார்கள், நடுவில் இரண்டு பாம்புகள் பின்னிய கோல், அதன்மேல் சிறகு முளைத்த சிங்கத்தலை. பாம்பும் கோலும் ஆஸ்பத்திரிச் சின்னம் ஆயிற்றே, ஆகவே இது ஆஸ்பத்திரிக் காதலைத்தான் சொல்கிறது என்று நோட்டில் ஒரு வரி இருந்தது. (மருத்துவத்தின் பழைய கிரேக்கச் சின்னத்தில் ஒரே பாம்புதான். இரண்டு பாம்புக் கோல் தூதுவனும் வணிகர்களின் காவலனுமான ஹெர்மிஸ் தெய்வத்துடையது. அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902-ல் அதைச் சட்டையில் தைத்துக்கொண்டது முதல் குழப்பம் பரவிவிட்டது.)

முப்பது நாளில் ஒரே சீட்டு ஐந்து தடவை. இது தற்செயலா என்று கணக்குப் போட்டுத்தான் பார்க்கவேண்டும். 78 சீட்டில் தினம் ஒன்றை எடுத்து, திரும்ப உள்ளே வைத்துக் கலைத்தால், பதினோராம் நாளுக்குள் ஏதாவது ஒரு சீட்டு இரண்டாம் முறை வந்திருக்கப் பாதிக்குச் சற்று மேலான வாய்ப்பு உண்டு. முப்பது நாளில் சராசரியாக இருபத்தைந்து வெவ்வேறு சீட்டுகளே வரும், மீதியெல்லாம் வந்ததே வருவது. ஏதோ ஒரு சீட்டு மூன்று தடவை வருவதற்குக்கூட ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. ஆகவே "திரும்பத் திரும்ப வருது" என்று டேரோ எடுக்கும் பலர் வியப்பது, வராமல் இருந்தால்தான் வியக்கவேண்டிய விஷயம்.

ஆனால் ஐந்து தடவை அப்படியல்ல. எந்தச் சீட்டாவது ஐந்து முறை வர ஆயிரத்தில் மூன்றளவுதான் வாய்ப்பு. இங்கே "எல்லாம் தற்செயல்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது சோம்பேறித்தனம். ஏதோ ஒன்று அந்தச் சீட்டை வரவழைக்கிறது. அது என்ன?

நோட்டில் தேதிகளைப் பார்த்தோம். முதல் முறை ஒன்பதாம் நாள். மற்ற நான்கும் பதினான்காம் நாளுக்குப் பிறகு. ஒன்பதாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சற்று வெட்கத்தோடு சொன்னார்: அந்தச் சீட்டைச் சில நாள் போன் கவருக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். போன் யூனிஃபார்ம் பாக்கெட்டில். கையில் எந்நேரமும் சானிடைசர் ஈரம்.

கட்டை மேசையில் வைத்து, கண்ணை அதன் விளிம்பு மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள் என்றேன். 78 சீட்டும் ஒட்டி உட்கார்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் மயிரிழை அகலத்துக்கு ஒரு கீற்று. போன் கவரின் வளைவை வாங்கிக்கொண்ட 'டூ ஆஃப் கப்ஸ்' லேசாகக் குழிந்திருந்தது. கட்டை ஒரு கையால் தூக்கும்போது விரல் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கேதான் பிரிக்கும், கண்ணை மூடியிருந்தாலும் பிரிக்கும். மேஜிக் நிபுணர்கள் வேண்டுமென்றே ஒரு சீட்டை இப்படி வளைத்து வைத்துக்கொண்டு, எத்தனை முறை கலைத்தாலும் அதையே வெட்டி எடுப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கலைத்துக் கலைத்துப் பத்து முறை தூக்கினார். ஆறு முறை கோப்பைகளோடு அந்த இருவர் வந்தார்கள்.

கலைப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நாம் கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக இறக்கிக் கலைக்கும் முறை பார்க்கத்தான் கலைப்பது போல இருக்கும், பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் கூட்டமாகவே இடம் மாறும். கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சரசரவென்று விழச் செய்யும் முறையில், 52 சீட்டுக் கட்டு ஒழுங்காகக் கலைய ஏழு முறை வேண்டும் என்று பெர்சி டயகோனிஸும் டேவ் பேயரும் 1992-ல் காட்டினார்கள். கொத்தாக இறக்கும் முறையில் அதே அளவு கலைய ஆயிரக்கணக்கான முறை தேவைப்படும். ஐந்து மணிக்கு, தூக்கக் கண்ணோடு மூன்று தடவை இறக்கினால் நேற்றைய சீட்டும் அதன் அண்டை அயலாரும் ஏறக்குறைய நேற்றிருந்த வாக்கிலேயே இருப்பார்கள். உண்மையிலேயே கலைக்கவேண்டும் என்றால் சின்னப் பிள்ளைகள் செய்வதுதான் சரி: எல்லாச் சீட்டையும் மேசையில் கொட்டி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு நிமிடம் துழாவவேண்டும்.

தூக்கக் கண் என்று சொன்னேன், அதையும் லேசாக விட முடியாது. இந்த நர்ஸ் காலை எட்டு மணிக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்து, ஒன்பதரைக்குப் படுத்து, ஹாஸ்டல் சத்தத்தில் பன்னிரண்டு மணிக்கு விழித்துவிடுவார். பன்னிரண்டிலிருந்து மறுநாள் அதிகாலை ஐந்து வரை எண்ணினால் பதினேழு மணி நேரம். பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று டாஸனும் ரீடும் 1997-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03. உடலின் வெப்பம் மிகத் தாழ்ந்து, விழிப்பு மிக மங்கும் நேரமும் விடிவதற்கு முந்தைய இந்த ஓரிரு மணி நேரம்தான். மருந்து அளவில் தவறக்கூடாது என்பதற்காக நர்ஸுகள் அந்நேரத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை சார்ட்டைப் பார்ப்பார்கள். தன் மனசைப் பற்றிய முடிவை மட்டும் இவர் அந்த நேரத்தில், ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டிருந்தார். நோட்டில் இருந்த அழுத்தமான வரிகள், "இனி பேசவே கூடாது", "இதுதான் கடைசி" போன்றவை, எல்லாம் ஐந்து மணிக் கையெழுத்து. மதியம் எழுந்த பின் பக்கவாட்டில் சேர்த்திருந்த குறிப்புகள் சாந்தமானவை: "அவருக்கு வேலை அதிகம் போல", "பார்ப்போம்".

நான் ஒரு சோதனை சொன்னேன், அவர் ஒப்புக்கொண்டார். வெவ்வேறு சீட்டு வந்த பத்து நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். அன்று நடந்ததை மட்டும், அர்த்தத்தை விட்டுவிட்டு, பத்துத் துண்டுத்தாளில் அவருடைய அறைத்தோழி எழுதினார். சீட்டுகளின் பெயர்களை வேறு பத்துத் தாளில். எல்லாவற்றையும் கலைத்து வைத்து, எந்த நாளுக்கு எந்தச் சீட்டு என்று நர்ஸ் ஜோடி சேர்க்கவேண்டும். சீட்டு உண்மையிலேயே அந்த நாளைச் சொல்லியிருந்தால் இது சுலபமாக இருக்கவேண்டும். ஏழெட்டாவது சரியாக வரும் என்று அவர் பந்தயம் கட்டினார். இந்தச் சோதனையில் ஒரு அழகு உண்டு: கண்ணை மூடிக்கொண்டு ஜோடி சேர்த்தாலும் சராசரியாக ஒன்று சரியாகிவிடும். பத்து ஜோடியானாலும் ஐம்பது ஜோடியானாலும் அந்தச் சராசரி ஒன்றுதான். அவருக்கு இரண்டு சரியாக வந்தது. குருட்டாம்போக்கில் இரண்டோ அதற்கு மேலோ வர நாலில் ஒன்றுக்குச் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் நாள்குறிப்போடு சீட்டு எடுக்கும் யாரும் ஒரு மாலைப் பொழுதில் இதைச் செய்து பார்க்கலாம். நினைவில் நிற்கும் நாட்களைத் தவிர்த்து, ஒரு மாதமாவது பழையவற்றை எடுத்தால் நல்லது.

ஆனால் அன்று எங்கள் கண்ணில் பட்ட பெரிய விஷயம் சீட்டே இல்லை. துண்டுத்தாள்களைத் தேதி வரிசையில் திரும்ப அடுக்கும்போது அறைத்தோழிதான் கவனித்தார். "விலகல்", "மௌனம்", "மறைக்கிறார்" என்று அர்த்தம் எழுதிய நாட்கள் இரண்டிரண்டாக வந்தன. நடுவில் நான்கு நாள் இடைவெளி. பிறகு மறுபடி இரண்டு. அந்த இரண்டிரண்டு நாளிலும் கவுண்டரில் வேறு ஆள் இருந்திருக்கிறார். நான்கு இரவு டியூட்டி, இரண்டு இரவு ஓய்வு: ரத்த வங்கியின் ரோஸ்டர் அது. கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் மாதம் முழுவதற்குமாக ஒட்டியிருக்கும் தாள். குளிர்ப்பெட்டியோடு அதன் முன்னால் நின்று, அதைப் படிக்காமல் மேலே வந்து, அதே தகவலைக் கோப்பைகளிலும் நிலாவிலும் தேடியிருக்கிறார். "என்னைத் தவிர்க்கத்தான் டியூட்டி மாத்திக்கிட்டார்னு நினைச்சேன் அக்கா" என்றவர், சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சிரித்தார்.

அப்படியானால் முப்பது விடியலும் வீண் என்றுதான் கேட்கத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. நோட்டில் அவரைப் பற்றிய தகவல் அநேகமாக ஒன்றும் இல்லை, இவரைப் பற்றி ஏராளம். உதாரணமாக 'ஃபோர் ஆஃப் கப்ஸ்'. மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் இளைஞன், மேகத்திலிருந்து நீளும் கை ஒரு கோப்பையைக் கொடுக்கிறது, அவன் பார்க்கவே இல்லை. அந்தச் சீட்டு வந்த இரண்டு முறையும் இவர் அந்தக் கையோடுதான் தன்னைச் சேர்த்துக்கொண்டார், "நான் நீட்டறேன், அவர் பார்க்கலை" என்று. உட்கார்ந்திருப்பவன் நீங்களாகவும் இருக்கலாமே என்று கேட்டதற்கு நெடுநேரம் பதில் வரவில்லை. பிறகு, ஊரில் அக்கா பார்த்துவைத்த ஒரு வரனைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார். நோட்டில் அந்த வரனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு டேரோ பார்க்கும் அனுபவசாலிகள் பலர் இதே காரணத்தால் இரண்டு வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறார்கள். அங்கே இல்லாத மூன்றாம் மனிதரின் மனதில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை அவர்கள் ஏற்பதில்லை, அல்லது அதை "நான் என்ன செய்யலாம்" என்று மாற்றிக் கேட்கச் சொல்வார்கள். ஒரே கேள்வியைத் தினம் தினம் கேட்பதையும் அனுமதிப்பதில்லை. சொல்லும் காரணம் சிலசமயம் மாயம் சார்ந்தது, சீட்டுக்குக் கோபம் வரும் என்பது போல. காரணம் எப்படியானாலும் வழக்கம் நல்லது. பிடித்த பதில் வரும்வரை எடுத்துக்கொண்டே போனால் பிடித்த பதில் வந்தே தீரும், 78-ல் அதற்கு இடம் இல்லாமலா போகும்?

இன்னும் கெடுதலாகப் போகும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன். ஒரு சீட்டு பிடிக்கவில்லை என்று தெளிவுக்காக இன்னொரு சீட்டு, அதற்கு விளக்கமாக வேறொன்று என்று எடுக்கத் தொடங்கினால், சீட்டைத் தொடாமல் ஒரு வாட்ஸ்அப் செய்திக்குப் பதில்கூட அனுப்ப முடியாத நிலை வரும். பணம் கட்டி போனில் பார்ப்பவர்களுக்கு இது செலவாகவும் கணக்கில் ஏறும். இந்த நர்ஸ் அங்கே போகவில்லை. தினம் ஒன்று என்ற தன் கட்டுப்பாட்டை ஒருநாளும் மீறவில்லை. மருந்தை அளந்தே பழகிய கை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது சீட்டு எடுக்கும் நேரத்தை மாற்றிவிட்டார். விடியலில் இல்லை, தூங்கி எழுந்து குளித்த பின் மாலை ஆறு மணிக்கு. கட்டை மேசையில் கொட்டித் துழாவிக் கலைக்கிறார். வளைந்த சீட்டைத் தடிப் புத்தகத்துக்குள் வைத்து நிமிர்த்தப் பார்த்தார், சரியாகவில்லை. ஆகவே அதே போல இன்னொரு புதுக் கட்டு வாங்கிவிட்டார். கேள்வி, "இன்னிக்கு நான் எதைக் கவனிக்காம விடறேன்?" அர்த்தம் எழுதும் முன் அன்று நடந்ததை எழுதவேண்டும் என்பது அவரே வைத்துக்கொண்ட விதி.

அவரிடம் நேரில் கேட்டுவிட்டாரா என்பதுதானே எல்லோருக்கும் தெரியவேண்டும். கேட்டுவிட்டார். ரோஸ்டரைப் பார்த்து, அவருக்கும் டியூட்டி இருக்கும் நாளாகத் தேர்ந்து, ரத்தப் பையைச் சரிபார்த்து முடித்த பின், "காலைல முடிச்சுட்டு கேன்டீன்ல டீ குடிக்கலாமா?" என்று. அவர் சரி என்றார். டீக்கு மேல் என்ன பேசினார்கள் என்பதை நர்ஸ் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் அவருக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அதனால் விஷயம் சுலபமில்லை என்றும் தெரிந்தது.

அன்றைக்கு என்ன சீட்டு வந்தது என்று கேட்டேன்.

"எடுக்கலை அக்கா. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் எனக்கு ஆஃப். நல்லாத் தூங்கியிருந்தேன்."